கீ சிக்னேச்சரைப் பார்த்ததும் பாடகர்கள் செய்யும் தவறுகள்

ஸ்டாஃபின் தொடக்கத்தில், கிளெஃபை அடுத்து வரும் கீ சிக்னேச்சரில் இரண்டு ஃபிளாட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் அதை எண்ணிவிட்டு "இரண்டு ஃபிளாட், அப்போ பி ஃபிளாட் மேஜர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே இரண்டு ஃபிளாட்தான் ஜி மைனருக்கும். எந்தெந்த ஸ்வரங்கள் புழங்கும் என்பதைத்தான் கீ சிக்னேச்சர் சொல்கிறது, அவற்றில் எது வீடு, அதாவது பாட்டு திரும்பி வந்து நிற்கும் ஆதார ஸ்வரம், என்பதை மற்ற இடங்களில்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? முதலில் பாட்டின் கடைசி பாருக்குப் போய், துணைக்கு வரும் பியானோவின் ஆகக் கீழ் ஸ்வரத்தைப் பாருங்கள். பெரும்பாலான பாட்டுகளில் அதுதான் வீடு. அப்புறம் வரிகளுக்கு நடுவே எஃப் ஷார்ப் தலைகாட்டுகிறதா என்று ஒரு கண்ணோட்டம். ஜி மைனரில் ஏழாவது ஸ்வரமான எஃப்-ஐ அரை ஸ்வரம் ஏற்றி ஜி-க்கு ஒட்டினாற்போல் வைப்பது வழக்கம், ஆனால் அந்த ஷார்ப் கீ சிக்னேச்சரில் இருக்காது, வரும் இடத்தில்தான் போட்டிருப்பார்கள். எஃப் ஷார்ப் மட்டும் இருந்தால் போதாது, மேஜர் பாட்டிலும் போகிற போக்கில் அது வரலாம். கடைசி பாரின் ஆகக் கீழ் ஸ்வரமும் ஜி-யாக இருந்தால்தான் நம்பலாம்.

இதில் தவறினால் என்ன ஆகும்? உங்கள் முதல் ஸ்வரம் டி என்று வையுங்கள். பி ஃபிளாட் மேஜரில் அது மூன்றாவது ஸ்வரம், ஜி மைனரில் ஐந்தாவது. மேஜர் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குகிறவருக்கு எஃப் ஷார்ப் எங்கிருந்தோ வந்த விருந்தாளி மாதிரி தெரியும், தயங்கித் தயங்கிப் பாடுவார், சுருதி இறங்கிவிடும். அதனால் பியானோ வாசிப்பவரிடம் "என் முதல் ஸ்வரம் கொடுங்க" என்று மட்டும் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜி, பி ஃபிளாட், டி மூன்றையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அதிலிருந்து உங்கள் டி-யை எடுங்கள், அது எங்கே உட்காருகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு, ஃபிளாட் அடையாளம் எழுதியிருக்கும் கோட்டுக்கோ இடைவெளிக்கோ மட்டும்தான் அது என்று நினைப்பது. டிரெபிள் கிளெஃபில் ஈ ஃபிளாட்டை மேல் இடைவெளியில் எழுதுவார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கீழே முதல் கோட்டில் வரும் ஈ-யைச் சாதாரண ஈ-யாகப் பாடிவிடுவது அடிக்கடி நடக்கும். கீ சிக்னேச்சர் எல்லா ஆக்டேவுக்கும் பொருந்தும். நடுவில் போடும் ஷார்ப்போ நேச்சுரலோ அப்படியில்லை, அந்த ஸ்வரத்துக்கு, அந்த ஆக்டேவில், அந்த பார் முடியும் வரைதான்.

சரி, ஸ்வரம் உங்கள் குரலுக்கு எட்டுமா என்பதையும் கீ சிக்னேச்சரிலிருந்தே கணிக்கலாமா? முடியாது. அதற்கு ஆக மேலே உள்ள ஸ்வரத்தையும் ஆகக் கீழே உள்ளதையும் தேடிப் பார்ப்பதுதான் வழி.