சிடி ஸ்லைஸில் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு: எது புது ரத்தக்கசிவு, எது பழைய இன்ஃபார்க்ட்?

சிடி அறையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே "வெள்ளைன்னா ரத்தம், கறுப்புன்னா இன்ஃபார்க்ட்" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இன்ஃபார்க்ட் என்றால் ரத்தம் வராமல் செத்துப்போன மூளைப் பகுதி. பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். மீதி பாதிக்காகத்தான் இந்தப் பதிவு. இரண்டும் ஒரே ஸ்லைஸில் இருக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, எந்த வரிசையில் எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். படம் பார்க்கக் கற்பவர்களுக்காக எழுதியது இது. வீட்டில் யாருக்காவது எடுத்த சிடியை இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

படத்துக்குரியவர் அறுபதைக் கடந்த ஆண். சில வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் பலவீனம் அப்படியே நின்றுவிட்டது. இப்போது காலையில் திடீரென்று வலது பக்கமும் விழுந்து, பேச்சும் நின்றுபோய்க் கூட்டி வந்திருக்கிறார்கள். கான்ட்ராஸ்ட் போடாத தலை சிடி, 5 மி.மீ. ஸ்லைஸ். பக்க வென்ட்ரிக்கிள்களின் முன்கொம்புகளும் பேசல் கேங்லியாவும் தெரிகிற மட்டத்தில் நிற்கிறோம்.

படி 1: படத்தைச் சரியான வடிவில் திறப்பது

டைகாம் கோப்பு வேண்டும். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் வெள்ளை, கறுப்பு தெரியுமே தவிர அளக்க முடியாது. மென்பொருளில் என் விருப்பம் Weasis. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். RadiAnt வேகமானது, ஆனால் அது விண்டோஸுக்கு மட்டும், முழுதாகப் பயன்படுத்தப் பணமும் கட்ட வேண்டும். படத்தைப் பதிந்து தரும் தட்டோடு வருகிற குட்டி வியூவரை மட்டும் நம்பாதீர்கள். சிலவற்றில் அளக்கும் கருவியே இருக்காது.

திரையின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். நம் படத்தில் திரையின் வலப்பக்கம், அதாவது அவருடைய இடது மூளையில், புட்டாமென் பகுதியில் முட்டை வடிவ வெள்ளைத் திட்டு. எதிர்ப்பக்கம், அவருடைய வலது மூளையில், ஆப்பு வடிவத்தில் மேற்பரப்பு வரை போகும் பெரிய கறுப்பு. இனி நான் இடது, வலது என்று சொல்வதெல்லாம் நோயாளியின் இடது, வலதுதான்.

படி 2: விண்டோ

விண்டோவின் அகலமான WW 80, அதன் நடு மதிப்பான WL 40 என்று போடுங்கள். இதன் பொருள், 0 முதல் 80 வரையிலான எச்.யூ., அதாவது ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு மதிப்புகள் மட்டும் சாம்பல் நிறங்களாகப் பிரிந்து தெரியும் என்பதுதான். 0-க்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பு, 80-க்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. அதனால்தான் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. 75 உள்ள ரத்தக்கட்டியும் 150 உள்ள கால்சியமும் இந்த விண்டோவில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருமுறை WW 200, WL 80 என்றும் மாற்றிப் பாருங்கள். மண்டையோட்டை ஒட்டி மெல்லிய ரத்தப் படலம் இருந்தால் முதல் விண்டோவில் அது எலும்போடு எலும்பாகக் கலந்துவிடும். விண்டோவை அகலமாக்கினால் பிரிந்து தெரியும்.

படி 3: எண்ணை அளப்பது

வட்டக் கருவியை எடுத்து வெள்ளைத் திட்டின் நடுவில் ஒரு வட்டம் போடுங்கள். ஓரத்தைத் தொட வேண்டாம். ஸ்லைஸ் 5 மி.மீ. தடிமன் என்பதால் ஓரத்துப் புள்ளிகளில் ரத்தமும் மூளையும் கலந்த சராசரிதான் இருக்கும். நம் படத்தில் வெள்ளையின் சராசரி 66 எச்.யூ., கறுப்பின் சராசரி 9. ஒப்பிடுவதற்காக முன்கொம்புக்குள் இருக்கும் மூளைத் தண்டுவட நீரிலும் ஒரு வட்டம் போட்டேன், 6 வந்தது. 9-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள், படத்தின் இரைச்சலே அந்த அளவு இருக்கும்.

நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீர் 0. மூளையின் வெள்ளைப் பகுதி 25-30 பக்கம், சாம்பல் பகுதி 35-40 பக்கம். உறைந்த புது ரத்தம் பெரும்பாலும் 50-க்கும் 80-க்கும் நடுவில். 100-ஐத் தாண்டினால் கால்சியத்தை நினைக்க வேண்டும்.

ரத்தம் ஏன் வெளுப்பாகத் தெரிகிறது என்று கேட்டால் பலர் இரும்புச்சத்து என்பார்கள். முக்கியக் காரணம் ஹீமோகுளோபினில் உள்ள குளோபின் புரதத்தின் செறிவு. குழாய்க்குள் ஓடும் ரத்தம் மூளையை விடப் பெரிதாக வெளுப்பாக இருக்காது. வெளியே கசிந்து உறைந்ததும், தயிர் தண்ணீர் விடுவது போல, கட்டி சுருங்கித் தெளிநீரை வெளியே தள்ளும். உள்ளே சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக்கொள்ள, எண் ஏறும்.

பழைய இன்ஃபார்க்டில் நடப்பது வேறு. இறந்த திசு கூழாகி, அதைத் துப்புரவு செய்யும் செல்கள் மாதக்கணக்கில் தின்று தீர்த்தபின், மிஞ்சிய குழியில் மூளைத் தண்டுவட நீர் நிரம்பிவிடுகிறது. நம் படத்தின் 9 என்ற எண் சொல்வது அதைத்தான், அங்கே இப்போது மூளை இல்லை.

படி 4: தள்ளுகிறதா, இழுக்கிறதா

எண்ணை அளப்பது யாருக்கும் வந்துவிடும். எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்தப் படி, பயிற்சிக்கு வருகிறவர்களும் இங்கேதான் நிற்கிறார்கள். விதி எளிதானது. புதிதாக வந்த ரத்தம் கூடுதல் பொருள், மூடிய மண்டைக்குள் இடம் கேட்டு அக்கம்பக்கத்தைத் தள்ளும். பழைய இன்ஃபார்க்டில் பொருள் குறைந்துவிட்டது, அதனால் சுற்றியுள்ளவை அதை நோக்கி இழுபடும்.

சிக்கல் என்னவென்றால், நம் படத்தில் நடுக்கோடு வலப்பக்கமாக நகர்ந்திருக்கிறது. முன்னால் ஃபால்க்ஸ் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து பின்னால் உட்புறப் புடைப்பு வரை ஒரு நேர்கோடு இழுத்து, இரண்டு முன்கொம்புகளுக்கும் நடுவில் உள்ள மெல்லிய தடுப்புச் சவ்வு அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்தால் 4 மி.மீ. இது இடப்பக்க ரத்தம் தள்ளியதா, வலப்பக்கப் பழைய குழி இழுத்ததா? இரண்டுக்கும் திசை ஒன்றுதான். நடுக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்குப் பதிலே கிடைக்காது.

ஆகவே இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். இடப்பக்கம் மூளை மடிப்புகளுக்கு நடுவில் உள்ள பள்ளங்கள் அழுந்தி மறைந்திருக்கின்றன, சில்வியன் பிளவு குறுகியிருக்கிறது, முன்கொம்பு நசுங்கித் தட்டையாக இருக்கிறது. இது தள்ளல். வலப்பக்கம் கறுப்பைச் சுற்றியுள்ள பள்ளங்கள் அகலமாக வாய் திறந்திருக்கின்றன, முன்கொம்பு பெருத்துக் குழியை நோக்கிப் புடைத்திருக்கிறது. இது இழுவை. அதாவது 4 மி.மீ.-இல் இரண்டுக்கும் பங்கு உண்டு. பழைய சிடி கையில் இருந்தால் அப்போது நடுக்கோடு எங்கே இருந்தது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

இதே கறுப்பு, நாலு நாள் ஆன இன்ஃபார்க்டாக இருந்தால் படம் எப்படி இருந்திருக்கும்? வீக்கம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. எண் 9-க்கு இறங்கியிருக்காது, 20 பக்கம் நிற்கும். வலது முன்கொம்பு பெருக்காமல் நசுங்கியிருக்கும், பள்ளங்கள் மூடியிருக்கும். கறுப்பு என்பதாலேயே பழையது ஆகிவிடாது. கறுப்போடு சுருக்கமும் சேர்ந்தால்தான் பழையது.

இன்னொன்று, வெள்ளைத் திட்டைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று தெரியும். அதைப் பார்த்து "இன்ஃபார்க்டுக்குள் ரத்தம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது கட்டியிலிருந்து பிழிந்த தெளிநீரும் சுற்றிலும் தொடங்கும் நீர்க்கோப்பும். கட்டியின் வடிவத்தையே ஒட்டி ஓடும், மேற்பரப்பு வரை போகாது. இன்ஃபார்க்டுக்குள் ரத்தம் கசிந்தது என்றால், ஒரு ரத்தக்குழாயின் பகுதி முழுக்க ஆப்பாகக் கறுத்து, அதற்குள் வெள்ளை இருக்க வேண்டும்.

படி 5: கீழே இறங்கிப் பாருங்கள்

ஒரே ஸ்லைஸ் என்று தலைப்பில் சொன்னாலும் நடுமூளை வரை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். எனக்குப் பிடித்த தடயம் அங்கே இருக்கிறது. நடுமூளையின் முன்புறம் இரண்டு கால்கள் போல் நிற்பவற்றில் வலது கால் இடதை விடச் சிறுத்திருக்கிறது. மேலே செத்துப்போன செல்களிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் மெல்லச் சிதைந்ததன் விளைவு இது. இப்படிச் சுருங்க மாதங்கள் பிடிக்கும். அவருடைய பழைய இடது கை, கால் பலவீனத்தோடும் இது பொருந்துகிறது. புட்டாமென் ரத்தக்கசிவு இன்றைய வலப்பக்க பலவீனத்தோடு பொருந்துகிறது. நெடுநாள் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அதிகம் கசியும் இடங்களில் புட்டாமென் முக்கியமானது. சரி, கணக்கு நேராகிவிட்டது. ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

பிற்சேர்க்கை: கருத்துகளில் வந்த சிக்கல்கள்

ஒருவர் இரண்டு பக்கமும் சமச்சீராக வெள்ளைப் புள்ளிகள் உள்ள படத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். இடம் குளோபஸ் பாலிடஸ், அளந்தால் 130. அது வயதோடு வரும் கால்சியம். சுற்றிலும் கறுப்பு வளையம் இல்லை, தள்ளலும் இல்லை.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி. புட்டாமெனில் கீற்றுப் போல நீளமான கறுப்பு, 8 எச்.யூ., பக்கத்து வென்ட்ரிக்கிள் சற்று இழுபட்டிருக்கிறது. பழைய இன்ஃபார்க்ட்தானே? இல்லாமலும் இருக்கலாம். ரத்தக்கட்டியின் எண் நாளுக்குச் சுமார் ஒன்று, ஒன்றரை வீதம் குறைந்துகொண்டே வரும். சில வாரங்களில் மூளையின் நிறத்துக்கே வந்து கண்ணுக்கு மறைந்துவிடும். அப்புறம் கறுத்து, கடைசியில் மிஞ்சுவது இப்படி ஒரு கீற்றுக் குழிதான். அந்த இடத்தில் அந்த வடிவம் என்றால் பழைய ரத்தக்கசிவையும் சேர்த்து எழுத வேண்டும். சிடியால் இதைத் தீர்க்க முடியாது. எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகைப் படம் எடுத்தால் பழைய ரத்தம் விட்டுப்போன இரும்புக்கறை கருமையாகத் தெரியும்.

மூன்றாவது, டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு வாசகி எழுதியது. ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே உள்ளவர்களுக்குப் புது ரத்தம்கூட வெளுப்பாக இல்லாமல் மூளை நிறத்திலேயே இருந்துவிடலாம். சிவப்பணுவே குறைவு, புரதம் எங்கிருந்து வரும்? இவர்களிடம் படி 3 கைவிட்டுவிடும், படி 4 மட்டும்தான் மிச்சம். வெள்ளையைத் தேடாமல், எந்தப் பக்கத்தில் பள்ளங்கள் காணாமல் போயிருக்கின்றன என்று தேடுங்கள். சிடி கோரிக்கைச் சீட்டில் ஹீமோகுளோபின் எண் இல்லையென்றால் வார்டுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் படத்தைத் திறங்கள்.