குமுளி ஏலக்காய்க் கணக்கில் 12.5 கிலோ தேதியாக மாறியது

குமுளியில் சித்தப்பா நடத்தும் ஏலக்காய்க் கடைக்கு, ஜெர்மனியிலிருந்து உறவினர் ஒருவர் தம் பழைய மடிக்கணினியைக் கொடுத்தார். கம்பத்தில் நான் வழக்கமாக எழுதும் சூத்திரத்தை அதன் எக்செல் ஏற்கவில்லை.

```
=ROUND(B2*C2,2)
```

ஜெர்மன் வட்டார அமைப்பில் காற்புள்ளி தசமக் குறியாக இருப்பதால், சூத்திரத்தின் உறுப்புகளை அரைப்புள்ளியே பிரிக்கிறது.

```
=ROUND(B2*C2;2)
```

இவ்வாறு எழுதியதும் விடை வந்தது. ஆனால் ஒரு வரியில் தொகை கோடிக்கணக்கில் நின்றது. ஜெர்மன் முறையில் தேதியின் நாளையும் மாதத்தையும் புள்ளி பிரிப்பதால், சித்தப்பா 12.5 கிலோ என்று இட்டதை எக்செல் மே 12 எனக் கொண்டு, அத்தேதியின் வரிசை எண்ணை, அதாவது நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓர் எண்ணை, விலையோடு பெருக்கியிருந்தது. தேதியாக முடியாத 24.75 வெறும் எழுத்தாகவே இடப்பக்கம் ஒட்டி நின்று, #VALUE! பிழையைத் தந்தது.

விண்டோஸில் intl.cpl கட்டளையால் திறக்கும் சாளரத்தில் Format என்பதை English (India) என்று மாற்றி, எக்செலை மூடித் திறந்தேன். சூத்திரங்கள் தாமாகவே காற்புள்ளிக்கு மாறின, ஏனெனில் கோப்புக்குள் அவை எப்போதும் காற்புள்ளியோடுதான் சேமிக்கப்படுகின்றன. எழுத்தாக நின்றவற்றை இச்சூத்திரம் எண்ணாக்கியது.

```
=NUMBERVALUE(B3,".",",")
```

தேதியாகிப்போனவை மட்டும் மீளவில்லை. 12.5, 12.05 இரண்டும் ஒரே மே 12 ஆகிவிடுவதால், எது எடை என்பதைத் தாளிலிருந்து அறிய வழியில்லை; எடைச்சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப இட்டோம்.