ரிஜிஸ்டர் போட்டோவிலிருந்து மாணவர்வாரியாக வருகைக் கணக்கு: எண்ணித் தட்டுவது எப்படி, எங்கே வழுக்கும்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். எங்கள் பள்ளி அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கீழ்த்தட்டில் இருந்த என் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் பாதி ஊறிவிட்டது. ஃபேனுக்கடியில் காயவைத்து, பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும் முன் போனில் படமெடுத்துக்கொண்டேன். அந்தப் படங்களிலிருந்து ஜூன் முதல் நவம்பர் வரை 38 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு எத்தனை நாள் என்று கணக்கெடுத்த கதைதான் இது. ஜூலை மாதத்தை வைத்துச் சொல்கிறேன், அதில் 22 வேலை நாள்.

படத்தை நேரே எழுத்தாக மாற்றும் செயலியை முயலலாமே என்பீர்கள். ஒரு சாயங்காலம் முயன்றேன். காலையில் போடும் சாய்கோடு அதற்கு 1 ஆகத் தெரிந்தது, கட்டக் கோட்டோடு ஒட்டிய பெருக்கல் குறி காணாமலே போனது. திருத்துகிற நேரத்தில் கையாலேயே தட்டிவிடலாம்.

படம்

இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் அடக்காதீர்கள். எங்கள் ரிஜிஸ்டரில் பெயரும் 1 முதல் 15 தேதி வரையும் இடப்பக்கம், 16 முதல் 31 வரை வலப்பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் அணைத்து, போன் தாளுக்கு நேர் மேலே. கூகுள் டிரைவ் செயலியில் இருக்கும் ஸ்கேன் வசதியே போதும், இதற்கென்று தனியாக எதுவும் இறக்க வேண்டாம்.

ஆனால் ஸ்கேன் செய்ததும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடாதீர்கள். நான் ஆப்சென்ட்டைச் சிவப்பு மைப்பேனாவில் `a` என்று போடுகிறவள். தண்ணீர் பட்டு அது வெளிர் ரோஜா நிறமாகியிருந்தது. கலரில் பார்த்தால் தெரிகிறது, கறுப்பு வெள்ளையில் தாளோடு தாளாகப் போய்விடுகிறது. பால்பாயின்ட் பேனாவில் போட்ட குறிகள் அசையவே இல்லை. அன்றிலிருந்து சிவப்பு பால்பாயின்ட்தான்.

எண் பட்டை

என்னைக் கவிழ்த்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை எல்லாம் தட்டி முடித்து, மொத்தமும் போட்டு, நிம்மதியாகப் பட்டியலை வகுப்பில் வாசித்தேன். 24-ம் எண் பெண் எழுந்து, "டீச்சர், நான் ஜூலையில ஒரு நாள் கூட லீவு போடலயே" என்றாள். என் கணக்கில் அவளுக்கு இரண்டு நாள் ஆப்சென்ட், 18-ம் தேதியும் 19-ம் தேதியும். அந்த இரண்டு நாளும் வராதது அவளுக்கு மேல் வரிசையில் இருக்கும் 23.

காரணம் பைண்டிங். ரிஜிஸ்டரை விரித்து வைத்தால் நடு மடிப்பை ஒட்டித் தாள் வளைந்து இறங்கும், 16, 17, 18, 19 தேதிகள் அந்த வளைவில்தான் இருக்கின்றன. ஸ்கேன் செயலி நான்கு மூலைகளையும் இழுத்துத் தாளைச் சதுரமாக்கும். சாய்வு சரியாகும், வளைவு சரியாகாது. வலப்பக்கத்தில் பெயரும் கிடையாது. ஆகவே பார்வைக்கு 23-ம் வரிசை 24-க்கு நேராக வந்து நிற்கும்.

இதற்கு நான் கண்ட வழி ஒரு காகிதப் பட்டை. ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, ரிஜிஸ்டரின் வரி இடைவெளிக்குச் சரியாக 1 முதல் 38 வரை எழுதி, வலப்பக்கத்தில் 16-ம் தேதிக் கட்டத்துக்கு முன்னால் மடிப்பை ஒட்டி வைத்துப் படமெடுங்கள். தாள் வளைந்தால் பட்டையும் கூடவே வளையும், எண் அதன் வரிசையை விட்டு நகராது. ஒரு தடவை எழுதிய பட்டையே எல்லா மாதத்துக்கும் ஆகும்.

குறிகளை எண்ணாக்குதல்

காலையில் ஒரு சாய்கோடு, மத்தியானம் அதன் குறுக்கே இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி, அதாவது முழு நாள். ஒரு கோடும் ஒரு `a`-வும் இருந்தால் அரை நாள். நான் முதலில் எழுத்துகளாகவே தட்டினேன்: முழு ஆப்சென்ட் `a`, காலை மட்டும் ஆப்சென்ட் `af`, மத்தியானம் மட்டும் `aa`. அது பெரிய தப்பு. நான் பயன்படுத்துவது லிபர்ஆபீஸ் கால்க். அதே பத்தியில் மேலே `af` இருந்தால், கீழே `a` தட்டி என்டர் கொடுத்ததும் அதுவாகவே `af` என்று நிரப்பிவிடும். எக்செல்லும் இதே வேலையைச் செய்யும். `Tools` மெனுவில் `AutoInput` என்பதை அணைக்கலாம்தான். ஆனால் எண்ணாகத் தட்டினால் அந்தத் தொல்லையே இல்லை:

முழு நாள் 2, அரை நாள் 1, ஆப்சென்ட் 0. விடுமுறை நாள் வெற்றுக் கட்டம்.

ஏன் 1, அரை, 0 என்று வைக்கவில்லை என்றால், அரைக்குப் புள்ளி தட்ட வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் சரிபார்க்கும்போது தெரியும்.

தட்டுதல்

A-யில் வரிசை எண், B-யில் பெயர், C முதல் AG வரை 31 தேதிகள். முதல் வரி தலைப்பு, பிள்ளைகள் 2 முதல் 39-ம் வரி வரை. `C2` கட்டத்தில் நின்று `View` மெனுவில் `Freeze Rows and Columns` கொடுத்துவிடுங்கள். திரையின் இடப்பாதியில் படம், வலப்பாதியில் தாள்.

எல்லாவற்றையும் தட்ட வேண்டியதில்லை. வேலை நாள் பத்திகளில் 2 முதல் 39-ம் வரி வரை தேர்ந்தெடுத்து, 2 என்று தட்டி `Alt+Enter` கொடுத்தால் அத்தனை கட்டமும் 2 ஆகிவிடும். எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் அதற்கு `Ctrl+Enter`. அப்புறம் 0-வும் 1-உம் வரும் இடங்களை மட்டும் மாற்றினால் போதும். எனக்கு ஜூலையில் 836 கட்டத்தில் மாற்ற வேண்டியிருந்தது அறுபது சொச்சம்தான்.

வரிசை வரிசையாகப் போகாதீர்கள், தேதி தேதியாக மேலிருந்து கீழே இறங்குங்கள். ஒரு தேதியை முடித்ததும் அங்கேயே சரிபார்க்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. நீண்ட நாள் வராத பிள்ளைக்கு நம்மில் பலர் முதல் நாள் `a` போட்டுவிட்டு, அங்கிருந்து ஒரு கோட்டை இழுத்துவிடுகிறோம். பெற்றோரோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன ஒரு பையனுக்கு நானும் அப்படித்தான் இழுத்திருந்தேன். கோடு போன கட்டம் எல்லாம் 0. அதைப் பார்க்காமல் விட்டால் நாம் நிரப்பிய 2 அப்படியே உட்கார்ந்திருக்கும், பையன் பெங்களூரில் இருந்துகொண்டே நூறு சதவீதம் வந்தவன் ஆகிவிடுவான்.

மொத்தம்

முதல் மாணவரின் வரியில் AH, AI, AJ கட்டங்களில் இவற்றைப் போட்டு, 39-ம் வரி வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUM(C2:AG2)/2
=COUNT(C2:AG2)-AH2
=AH2/COUNT(C2:AG2)*100
```

முதலாவது வந்த நாள், அடுத்தது வராத நாள், கடைசி சதவீதம். `COUNT` எண் இருக்கும் கட்டத்தை மட்டும்தான் எண்ணும், வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும். ஆகவே விடுமுறை தானாகக் கழிந்துவிடும். மாத நடுவில் சேர்ந்த பிள்ளைக்குச் சேருவதற்கு முந்தைய கட்டங்களை அழித்து வெறுமையாக்குங்கள், 0 போட்டுவிடாதீர்கள்.

17-ம் எண் பையனைப் பாருங்கள்: முழு நாள் 18, அரை நாள் 3, ஆப்சென்ட் 1. 36-உம் 3-உம் 39, அதில் பாதி 19.5 நாள். வராதது 2.5. சதவீதம் 88.6.

சரிபார்த்தல்

ரிஜிஸ்டரின் அடியில் தினமும் காலை வருகை, மத்தியான வருகை என்று இரண்டு எண் எழுதுவோம் அல்லவா, அதை இப்போது பயன்படுத்தலாம். முழு நாளுக்கு 2 என்று வைத்ததால், ஒரு பத்தியின் கூட்டுத்தொகை அந்த இரண்டு எண்ணின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். 41-ம் வரியில் கூட்டல், 42-லும் 43-லும் ரிஜிஸ்டரில் உள்ள இரண்டு எண்கள், 44-ல் வித்தியாசம்:

```
=SUM(C2:C39)
=C41-C42-C43
```

வித்தியாசம் 0 வந்தால் அடுத்த தேதிக்குப் போகலாம். ஜூலை 12-ம் தேதிக்கு ரிஜிஸ்டரில் 36, 35, ஆக 71. என் பத்தியில் 73. 2 அதிகமென்றால் பெரும்பாலும் ஒரு முழு ஆப்சென்ட்டைத் தவறவிட்டிருப்போம், 1 என்றால் ஒரு அரை நாள். ஒரு தேதியில் 2 கூடி, பக்கத்துத் தேதியில் 2 குறைந்தால் குறியைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டிருக்கிறோம். 12-ம் தேதியில் நான் தேடியது ஒரே ஒரு மங்கிய சிவப்பு `a`, 31-ம் எண்ணில் கிடைத்தது.

ஆனால் 23, 24 குழப்பத்தை இந்தக் கூட்டல் பிடிக்காது. ஒருத்தியின் ஆப்சென்ட் அதே தேதியில் அடுத்தவளுக்குப் போனால் பத்தியின் மொத்தம் மாறாதே. அதைப் பிடிப்பது வலக்கோடியில் இருக்கும் மாத மொத்தம்தான். அதை AK-வில் தட்டி AH-உடன் ஒப்பிடுங்கள். மாத மொத்தம் எழுதாத ரிஜிஸ்டர் என்றால், 0-வும் 1-உம் உள்ள கட்டங்களை மட்டும் கலர் பண்ணி, ஒருவர் படத்தைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் தாளில் டிக் அடியுங்கள். நவம்பர் மொத்தத்தை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை, அதற்கு இப்படித்தான் செய்தோம்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு பாலக்கோட்டிலிருந்து ஒரு சார், தங்கள் பள்ளியில் சனிக்கிழமை காலை மட்டும் வகுப்பு, அதனால் எல்லாருக்கும் அரை நாள் ஆப்சென்ட் காட்டுகிறது என்றார். நியாயம்தான், `COUNT` அதையும் முழு நாளாக எண்ணிவிடுகிறது. 46-ம் வரியில் ஒவ்வொரு தேதிக்கும் அன்று எத்தனை வேளை வகுப்பு என்று 2 அல்லது 1 போட்டு, `COUNT(C2:AG2)` வரும் இரண்டு இடத்திலும் இதை வையுங்கள்:

```
(SUMIF(C2:AG2,">=0",C$46:AG$46)/2)
```

இந்த 46-ம் வரி மழைக்காக மத்தியானம் விட்ட நாளுக்கும் உதவும். நிரப்பும்போதே அந்தத் தேதிக்கு 2-க்குப் பதில் 1 நிரப்பிக்கொள்ளுங்கள், மத்தியான வருகையை 0 என்று போடுங்கள். ஆனால் ஒரு பத்தி முழுக்க ஒற்றைக் கோடாக இருந்து, அடியில் மத்தியான எண்ணும் எழுதாமல் இருந்தால், அது மழை விடுமுறையா, நாம் குறிக்க மறந்ததா என்று படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியாது. எனக்கு அக்டோபரில் அப்படி ஒரு நாள் வந்தது. பக்கத்து வகுப்பு ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன், அதில் அன்று முழுப் பெருக்கல் குறிகள். மறந்தது நான்தான்.