பச்சை டிக் காட்டினால் பணம் வந்ததாகாது

பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு யுபிஐ சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? முதலில் அவரைக் கொஞ்சம் ஏமாற்றிப் பாருங்கள்.

340 ரூபாய்க்குப் பொருள் வாங்கி, “அனுப்பிட்டேன் அண்ணாச்சி” என்று பழைய ஸ்கிரீன்ஷாட்டை நீட்டுங்கள். கூட்ட நேரமென்றால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். அப்புறம் சொல்லுங்கள்: “இது நேற்றைய படம். என் போனை ஏன் பார்க்குறீங்க? உங்க ஆப்பைத் திறங்க.” அவருடைய பரிவர்த்தனைப் பட்டியலில் தொகையும் நேரமும் பொருந்துகிறதா என்று அவரே விரல் வைத்துப் பார்க்கட்டும். பிறகு நிஜமாகவே பணம் அனுப்பி, அந்த வரி வருவதைக் காட்டுங்கள். வந்த குறுஞ்செய்தியை மட்டும் நம்பவும் கூடாது. வங்கி அனுப்பியதுபோல யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம்.

அடுத்த தவறு இன்னும் மோசம். “உங்களுக்கு 2,000 அனுப்பியிருக்கேன், அதை வாங்க பின் நம்பரைப் போடுங்க” என்று போன் வரும். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

கடை திறந்ததும் தன் கியூஆர் அட்டையை வேறொரு போனில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். தன் பெயரோ கடைப் பெயரோ வரவில்லையென்றால் யாரோ மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.