முதல் வரியில் i7 போடாதீர்கள்: மடிக்கணினி, போன் விளம்பரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி தான் எழுதிய முதல் விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினார். பாவித்த மடிக்கணினி ஒன்று. மேல் வரியில் "i7, 16 ஜிபி ராம், 1 டிபி" என்று இருந்தது. கீழே பெட்டியில் இருந்ததை எல்லாம் அப்படியே இறக்கியிருந்தார். யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்டேன். "எல்லாருக்கும்தான் அண்ணா" என்றார். நானும் இதே திருகோணமலையில் இதே மூன்று சொற்களை இதே வரிசையில் எழுதி ஒரு வீட்டாரின் காசை வீணாக்கியிருக்கிறேன். அதனால் அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மங்கலான படம், எழுத்துப்பிழை, விலை போடாமல் விடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைத் தொடவில்லை.

தலைமுறையைச் சொல்லாமல் i7 என்று எழுதுவது

முதல் வரி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எங்கள் ஊரில் விளம்பரம் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் போனில்தான் பார்க்கிறார்கள். படம், விலை, அரை வரி. மீதியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பிடித்திருந்தால் அந்த அரை வரியைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொழும்பில் இருக்கும் தம்பிக்கோ கனடாவில் இருக்கும் மாமாவுக்கோ அனுப்புவார்கள். "i7 எண்டா நல்லது, வாங்குங்கோ" என்று அங்கிருந்து பதில் வரும். நாங்கள் கீழே எவ்வளவு நேர்மையாக எழுதியிருந்தாலும் அந்தப் படத்தில் அது இருக்காது.

2024-இல் ஒரு 15 அங்குல மடிக்கணினியை அப்படித்தான் போட்டேன். உள்ளே இருந்தது i7-7500U. மூதூரில் இருந்து ஓர் அக்கா வந்து 82,000 ரூபாய்க்கு வாங்கிப் போனார். மகள் கோணேசபுரியில் உள்ள கம்பஸில் கணினிப் பிரிவில் முதல் வருடம். மூன்று கிழமை கழித்து அதே அக்கா துணிப்பையில் சுற்றி எடுத்துவந்து கவுண்டரில் வைத்தார். சண்டை எதுவும் பிடிக்கவில்லை. மகள் எழுதிக் கொடுத்த ஒரு தாளை நீட்டினார். அதில் இரண்டே விடயம். போட்டால் திறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று சோதனையில் காட்டுகிறது.

இரண்டுமே உண்மை. இரண்டும் நான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியவை.

i7 என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டும்தான். அது எவ்வளவு புதியது என்பதைக் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 7500 என்றால் 7-ஆம் தலைமுறை, 8250 என்றால் 8-ஆம் தலைமுறை, 1135 என்றால் 11-ஆம் தலைமுறை. கடைசியில் உள்ள U பற்றரியைச் சேமிக்கும் மெல்லிய ரகம் என்பதைக் காட்டும். i7-7500U-வில் கோர் இரண்டுதான். அதற்கு அடுத்த வருடம், 2017-இல் வந்த i5-8250U-வில் நான்கு. பெயரில் சின்னதாகத் தெரியும் i5, பல வேலை ஒன்றாக ஓடும்போது பெரிய பெயர்காரனைத் தாண்டிவிடும்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. சிலர் i7 என்பதோடு வேகத்தையும் சேர்த்து எழுதுவார்கள். 7500U-வின் அடிப்படை வேகம் 2.7 கிகாஹேர்ட்ஸ், 8250U-வின் அடிப்படை வேகம் 1.6. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் தாய் தகப்பன் எதை எடுப்பார்கள்? எழுதிய இரண்டு எண்ணும் சரி, ஆனால் அவர்கள் எடுக்கும் முடிவு பிழை. அந்த எண்ணை முதல் வரியில் வைத்தவர்தான் அதற்குப் பொறுப்பு.

மாணவருக்கு இந்தத் தலைமுறை எண் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையில் இருந்துதான் விண்டோஸ் 11-க்கு இடம். 7-இல் ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு, 7500U அதில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. நாலு வருடம் படிக்கப் போகும் பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா?

அப்புறம் அந்த 1 டிபி. அது ஹார்ட் டிஸ்க். 1 டிபி என்று மட்டும் எழுதினால் படிப்பவர் பெரிது என்றுதான் நினைப்பார், மெதுவானது என்று நினைக்க மாட்டார். 256 ஜிபி எஸ்.எஸ்.டி என்று எழுதியிருந்தால் எண் சிறிதாகத் தெரியும், ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது அதுதான்.

காசை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வந்த கணினிக்கு 9,000 ரூபாயில் எஸ்.எஸ்.டி போட்டேன். இந்த முறை யாருக்கு என்று யோசித்து எழுதினேன்: "கடைக் கணக்குக்கு ஏற்றது. பெரிய விசைப்பலகை, பக்கத்தில் எண் விசைகள். எஸ்.எஸ்.டி உண்டு. விண்டோஸ் 10 மட்டும்." கிண்ணியாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் 61,000-க்கு எடுத்தார். அவருக்கு இணையம் வேண்டாம், பில் அடித்தால் போதும். இன்று வரை ஒரு குறையும் சொன்னதில்லை. எனக்கு 30,000 ரூபாய் போனது. அதைவிட அந்தப் பிள்ளையின் மூன்று கிழமைப் படிப்பு போனதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் யாராவது வெறும் i7 என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

அதே கணினி, அதே பாகங்கள். ஆள் மாறியதும் முதல் வரி மாறியது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஆள் இதைத் திருப்பிக் கொண்டுவந்தால் எதற்காகக் கொண்டுவருவார்? அதற்கான பதில்தான் முதல் வரி.

பற்றரியை "நல்லது" என்று எழுதுவது

மாணவர் கேட்கும் அடுத்த விடயம் இதுதான். விரிவுரை மண்டபத்தில் எல்லா மேசைக்கும் பிளக் இருக்காது. "நல்லது" என்பதற்கு அளவு இல்லை. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

அது ஒரு அறிக்கைக் கோப்பைச் சேமித்து, சேமித்த இடத்தையும் காட்டும். அதில் DESIGN CAPACITY என்பது புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, FULL CHARGE CAPACITY என்பது இன்று இருப்பது. முதலாவது 45,000, இரண்டாவது 27,000 என்றால் பற்றரி 60 வீதம். அந்த 60-ஐ எழுதுங்கள். ஆனால் வீதத்தை மட்டும் வைத்து எத்தனை மணி நிற்கும் என்று சொல்ல முடியாது. வீடியோ ஒன்றை ஓடவிட்டு நேரம் பாருங்கள், அதையும் பக்கத்தில் எழுதுங்கள். கல்யாண வீடியோ வெட்டும் ஸ்டூடியோக்காரர் எப்போதும் பிளக்கில் வைத்துத்தான் வேலை செய்கிறார், அவருக்கு இது கடைசி வரியில் இருந்தாலும் போதும். அவருக்கு முதலில் தனிக் கிராபிக்ஸ் உண்டா, ராம் கூட்ட இடம் உண்டா, திரையின் நிறம் சரியா என்பவைதான்.

8+8-ஐ 16 என்று எழுதுவது

போன் பெட்டியில் ராம் 8+8 என்று இருந்தால், இரண்டாவது 8 சேமிப்பிடத்தில் இருந்து கடன் வாங்கியது. ராம் 8 என்றே எழுதுங்கள்.

மெகாபிக்சலை முதலில் வைப்பது

வேண்டாம். பின்னேரம் கடை வாசலில் அந்தப் போனாலேயே எடுத்த ஒரு படத்தைப் போடுங்கள்.

கடலுக்குப் போகிறவருக்கு "தண்ணீர் புகாது" என்று எழுதுவது

இதில் கவனமாக இருங்கள். IP68 என்ற தரம் நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பது. உப்புத் தண்ணீருக்கு அது உறுதி இல்லை. தண்ணீர் புகுந்த சேதம் பொதுவாக வாரண்டியிலும் வராது. படகில் போகிறவர் "தண்ணீர் புகாது" என்பதைப் பார்த்து வாங்கினால், கடலில் விழுந்த போனோடு உங்களிடம்தான் வருவார். அவருக்கு முதல் வரியில் வர வேண்டியது பற்றரி எத்தனை mAh, வெயிலில் திரை தெரிகிறதா, சத்தம் கேட்கிறதா என்பவை. வெயிலைச் சோதிக்க அட்டவணை எதுவும் வேண்டாம். மத்தியானம் 12 மணிக்குப் போனை வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, வாட்ஸ்அப் செய்தி ஒன்றை வாசித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்காமல் வாசிக்க முடிந்தால் "நடு வெயிலில் வாசித்துப் பார்த்தோம்" என்று எழுதலாம். முடியாவிட்டால் அந்தப் போனை அவருக்கு என்று எழுதாதீர்கள்.

காசு கொடுப்பவரையும் பாவிப்பவரையும் ஒரே ஆளாக நினைப்பது

உப்புவெளியில் அம்மா, லண்டனில் மகன். காசு மகனுடையது, போன் அம்மாவுடையது. எங்கள் ஊரில் இப்படி வரும் வியாபாரம் நிறைய. அம்மாவுக்கு வேண்டியது பெரிய எழுத்து, வீடியோ கோலில் உரத்த சத்தம். மகன் பார்ப்பது வேறு: போன் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவான TRCSL-இல் பதிந்ததா, வாரண்டி எத்தனை மாதம், பழுதானால் ஊரிலேயே பார்ப்பார்களா. நான் முதல் வரியை மகனுக்கும் இரண்டாம் வரியை அம்மாவுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் ஸ்கிரீன்ஷாட் முதலில் லண்டனுக்குத்தான் போகும். பதிவை வாயால் சொல்லாமல் காட்டுங்கள். `*#06#` அடித்தால் வரும் 15 இலக்க எண்ணை, IMEI என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, 1909-க்கு அனுப்பினால் பதில் வரும். அந்தப் பதிலின் படத்தையும் விளம்பரத்தில் சேர்க்கலாம். ஆனால் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்துவிடுங்கள்.

அந்தத் தம்பியின் மடிக்கணினிக்கு வருகிறேன். திறந்து பார்த்தோம். i7-8550U, 8-ஆம் தலைமுறை, நான்கு கோர். 1 டிபி என்பது எஸ்.எஸ்.டிதான், பற்றரி 71 வீதம். நல்ல சாமான், பெயர்தான் பாதி சொல்லியிருந்தது. அவரே உட்கார்ந்து மாற்றி எழுதினார்: "கம்பஸ் பிள்ளைகளுக்கு. விண்டோஸ் 11 ஏறும், 8-ஆம் தலைமுறை. 1 டிபி எஸ்.எஸ்.டி. பற்றரி 71 வீதம், வீடியோ ஓடவிட்டு 3 மணி 10 நிமிடம்." i7 என்ற சொல் மூன்றாவது வரிக்குப் போனது. அன்று பின்னேரம் நிலாவெளியில் இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தார். மற்றவர்கள் வழக்கமாக முதலில் கேட்கும் "எந்த ஜெனரேஷன்?" என்ற கேள்வி வரவில்லை. நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்றுதான் கேட்டார்.