கூட்டுக் கணக்கில் லட்சமும் தமிழ் எண்ணும்: தவறாகப் படிக்கப்பட்ட தொகைகளை மீட்கும் முறை

சொந்த ஊரில் வீடு கட்டும்போது செலவுக்கணக்கை எல்லோரும் பார்க்கும்படி கூகுள் ஷீட்ஸில் வைத்திருந்தோம். கோப்பைத் தொடங்கியவர் ஜெர்மனியில் இருக்கும் என் அத்தான். அதில் தொகைகளைப் பதிந்தவர்கள் நானும், தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவும். நான்கே வரிகள்தான்: கம்பி 315000, கொத்தனார் கூலி 2,40,000, செங்கல் ௮௫,௦௦௦, மணல் 62,500. கூட்டினால் ஏழு லட்சத்து இரண்டாயிரத்து ஐந்நூறு வர வேண்டும். கோப்பு காட்டியதோ 315062,5.

மூன்று லட்சம் என்பது நம்பக்கூடிய தொகைதான். அதனால்தான் ஒரு வாரம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான்கு வரிகளில் மூன்று தவறாகப் படிக்கப்பட்டிருந்தன. மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல.

கோப்பு ஜெர்மனியின் எண் வழக்கில் இருந்தது. அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளி தசமத்தைக் குறிக்கும். எனவே 62,500 என்று நான் அடித்தது அறுபத்திரண்டரை ஆனது. 2,40,000 என்பதில் இரண்டு காற்புள்ளிகள் இருப்பதால் அதை எண்ணாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. பெரியப்பாவின் ௮௫,௦௦௦ தொகையும் எழுத்தாகவே நின்றது. `SUM` எழுத்தாக இருக்கும் கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். பிழை என்று ஒரு சொல்கூடச் சொல்லாது.

முதலில் நகல், பிறகு அமைப்பு

எதையும் தொடுவதற்கு முன் `File > Make a copy` கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து `File > Settings` பகுதியில் `Locale` என்பதை `India` என்று மாற்றுங்கள். இதைச் செய்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆகாது. ஏற்கெனவே 62.5 ஆகிவிட்டது 62.5 ஆகவே இருக்கும். எழுத்தாக நின்றது எழுத்தாகவே நிற்கும். இனி பதியும் தொகைகளுக்கு மட்டுமே இந்த மாற்றம் உதவும். ஆனாலும் இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு: ஜெர்மன் அமைப்பில் சூத்திரங்களுக்குள் காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி இட வேண்டும். கீழே உள்ளவை இந்திய அமைப்புக்கு எழுதியவை.

எழுத்தாக நிற்கும் தொகைகளைக் கண்டுபிடித்தல்

தொகைகள் B நெடுவரிசையில் இருப்பதாகக் கொள்வோம். பக்கத்தில் காலியாக இருக்கும் ஒரு கட்டத்தில் இதை இட்டு, கீழே இழுத்துவிடுங்கள்.

```
=ISNUMBER(B2)
```

`FALSE` என்று வருபவை எழுத்துகள். கண்ணாலும் ஓரளவு கண்டுகொள்ளலாம்: எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்து இடப்பக்கம். யாராவது அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்தால் அந்த அடையாளம் போய்விடும். எங்கள் கோப்பில் அப்படித்தான் ஆகியிருந்தது. அழகுபடுத்தியவன் நானே.

தமிழ் எண்களையும் காற்புள்ளிகளையும் மாற்றுதல்

கணினிக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ் இலக்கங்கள் ௦ முதல் ௯ வரை 3046 முதல் 3055 வரை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அந்த வரிசையைப் பயன்படுத்தி, பத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, காற்புள்ளியை நீக்கி, மிஞ்சியதை எண்ணாக்குவதுதான் இந்தச் சூத்திரம். இதை C2 கட்டத்தில் இட்டு, கீழே இழுத்துவிடுங்கள். மொத்தத்தையும் இனி C நெடுவரிசையில் கூட்டுங்கள்.

```
=VALUE(SUBSTITUTE(REDUCE(B2&"",SEQUENCE(10,1,0),
 LAMBDA(t,n,SUBSTITUTE(t,UNICHAR(3046+n),n))),",",""))
```

2,40,000 என்ற எழுத்து 240000 ஆகும். ௮௫,௦௦௦ என்பது 85000 ஆகும். முன்பே சரியாக இருந்த 315000 அப்படியே வரும்.

சில கட்டங்களில் `#VALUE!` வரலாம். அதைக் கண்டு எரிச்சல்பட வேண்டாம். தவறான தொகையைக் காட்டுவதைவிட இது நல்லது. பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, இலக்கத்துக்குப் பதிலாக அதைப்போலத் தோன்றும் எழுத்தை அடித்திருப்பது. ௮ என்ற எட்டும் அ என்ற உயிரெழுத்தும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். ௨ – உ, ௧ – க ஆகியவையும் அப்படியே. `=UNICODE(B4)` என்று கேட்டால் முதல் குறியின் எண்ணைச் சொல்லும்: 3054 என்றால் எட்டு, 2949 என்றால் அகரம்.

மற்றொன்று பழைய எழுத்துமுறை. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பழைய முறையில் பூஜ்யத்துக்கு வேலையில்லை. இருநூற்றைம்பதை ௨௱௫௰ என்று எழுதுவார்கள். இதை இலக்கம் இலக்கமாக மாற்ற முடியாது. ௱, ௰ ஆகியவற்றைத் தேவையில்லாத குறிகள் என்று நினைத்து யாராவது அழித்தால் 250 என்பது 25 ஆகிவிடும். இப்படிப்பட்டவற்றைப் படித்துப் பார்த்துக் கையால் பதிவதே வழி.

எண்ணாகவே மாறிப்போன தவறுகள்

இதுதான் ஆபத்தான இடம். மணலுக்கான 62.5 உண்மையிலேயே ஓர் எண். `ISNUMBER` அதற்கு `TRUE` சொல்லும், `SUM` கூட்டும், யாருக்கும் உறுத்தாது. தசமம் இருக்கும் தொகைகளை மட்டும் தேடினால் போதுமா? போதாது. 62,000 என்று அடித்திருந்தால் அது 62 ஆகியிருக்கும். அங்கே தசமமே இல்லை. அதனால் சின்னத் தொகைகள் எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள்.

```
=C2<1000
```

இதில் `TRUE` வந்த ஒவ்வொரு வரியையும் ரசீதுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்கிவிடலாமே என்று அத்தான் கேட்டார். கணக்கில் 450 ரூபாய்க்கு ஆணி வாங்கிய வரி ஒன்று இருந்தால், அது நான்கரை லட்சம் ஆகிவிடும். ரசீது சொன்னால் மட்டுமே பெருக்கலாம். ரசீது இல்லாத தொகைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

லட்சம், கோடி தெரியும்படி காட்டுதல்

இனி தொகையைப் பதியும்போது காற்புள்ளி வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். காற்புள்ளியைக் காட்சிக்கு மட்டும் கோப்பே போட்டுக்கொள்ளும். `Format > Number > Custom number format` பகுதியில் இதை ஒட்டுங்கள்.

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

இதற்கு ஒரு குறை உண்டு: கழித்தல் தொகைகள் மூன்றாவது பகுதிக்குப் போய்விடுவதால் -12,50,000 என்பது -1,250,000 என்றுதான் தெரியும். தொகை மாறாது, தோற்றம் மட்டும் மாறும்.

ஷீட்ஸில் எண் வழக்கு கோப்போடு சேர்ந்தது. எல்லோரும் ஒரே தோற்றத்தைப் பார்ப்பார்கள். எக்செலில் வழக்கமாக அது பார்ப்பவரின் கணினியோடு சேர்ந்தது. இங்கே 7,02,500 என்று தெரிவது, தனி வடிவம் எதுவும் கொடுக்காதபோது, அத்தானின் கணினியில் 702.500 என்று தெரியும். அதைப் படமெடுத்து அனுப்பினால் நாம் எழுநூற்று இரண்டரை என்று படிப்போம். காசோலையில் செய்வதுபோல் மொத்தத் தொகையை மட்டுமாவது எழுத்தாலும் ஒரு கட்டத்தில் எழுதி வைத்தோம்.

பெரியப்பாவுக்குத் தமிழ் எண்ணை விட மனமில்லை. அதனால் C-யின் எண்ணைத் தமிழில் காட்ட D நெடுவரிசையைக் கொடுத்தேன்.

```
=REDUCE(TEXT(C2,"0"),SEQUENCE(10,1,0),
 LAMBDA(t,n,SUBSTITUTE(t,n,UNICHAR(3046+n))))
```

மொத்தம் ௭௦௨௫௦௦ என்று வந்தது. பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "இதில் பூஜ்யம் எதற்கடா?" என்று கேட்டார். பிறகு ரசீதின் பின்புறத்தில் ௭௱௨௲௫௱ என்று எழுதி என் பக்கம் தள்ளினார்.