வியாபாரத் தொடர்பில் உள்ளவருக்கு இரங்கல் செய்தி எழுதுவது எப்படி

எனக்கு மட்டக்களப்பில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அரிசி சம்மாந்துறையில் உள்ள ஒரு மில்லிலிருந்து வருகிறது. மில்காரர் ஹாஜியாருடைய உம்மா காலமானபோது நான் அனுப்பிய செய்தி பிழைத்துப் போனது. அதன்பிறகு நான் கடைப்பிடிக்கிற முறையைச் சொல்கிறேன்.

1. இறந்தது யார் என்று உறுதி செய்யுங்கள்

மில்லில் வேலை செய்யும் யாரிடமாவது கேட்டால் போதும். முஸ்லிம் வீடுகளில் நல்லடக்கம் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். அதனால் இதற்கு அரை நாள் எடுக்காதீர்கள்.

2. நாலு வரி எழுதுங்கள்

நான் முதலில் எழுதியது இது:

"ஹாஜியார், தங்கள் தாயாரின் மறைவுச் செய்தி கேட்டுப் பேரதிர்ச்சியடைந்தோம். இந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல வார்த்தைகள் இல்லை. அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம். அடுத்த கிழமை லோடு பற்றியோ செக் பற்றியோ யோசிக்க வேண்டாம். எந்த உதவி தேவையென்றாலும் சொல்லுங்கள்."

இதில் எனக்கு அப்போது பிடிபடாதது செக் வரிதான். நல்ல மனதோடுதான் எழுதினேன். ஆனால் உம்மாவை அடக்கிவிட்டு வந்து போனை எடுக்கிறவருக்கு, என் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதை அந்த வரி ஞாபகப்படுத்துகிறது. லோடு பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் மில் கணக்குப்பிள்ளையிடம் கதையுங்கள். அவரிடமும் அடக்கம் முடிந்த பிறகு கதையுங்கள்.

"ஆத்மா சாந்தி" எங்கள் வீடுகளில் சொல்கிற சொல். முஸ்லிம் வீட்டுக்கு அவர்கள் கேட்கிற பிரார்த்தனையைத் தமிழில் எழுதலாம். அரபு வாசகத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் எழுத்துப் பிழை வரக்கூடும். எனக்குத் தமிழ்தான் நல்லதாகப்படுகிறது. மெழுகுவர்த்திப் படம் போட்ட கார்ட்டையும் யாருக்கும் அனுப்பாதீர்கள், உங்கள் கையால் எழுதுங்கள்.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஹாஜியார், உங்கட உம்மா காலமான செய்தி இப்பதான் கிடைச்சது. மிச்சம் கவலையா இருக்கு. போன வருசம் வீட்டுக்கு வந்த நேரம், சாப்பிடாமப் போகக் கூடாது எண்டு என்னை இருத்திவச்ச அவவை மறக்கேலாது. இறைவன் அவவுக்கு மேலான சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும். இதுக்குப் பதில் எழுத வேணாம்."

மூன்றாவது வரிதான் இந்தச் செய்தியின் உயிர். இறந்தவரை நீங்கள் கண்டிருந்தால் கண்ட ஒன்றை எழுதுங்கள். காணவில்லையென்றால், "உம்மாவைப் பற்றி நீங்க அடிக்கடி சொல்லுவீங்க" என்று உண்மையில் நடந்ததை எழுதுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். புனைந்து எழுதியது வீட்டாருக்குத் தெரியும்.

3. அனுப்புமுன் தானாகப் போகும் பதிலை நிறுத்துங்கள்

நான் கடைக்கு வாட்ஸ்அப் பிஸ்னஸ் பாவிக்கிறேன். கடை மூடிய பிறகு யார் எழுதினாலும் பதில் போகும்படி வைத்திருந்தேன். ஹாஜியார் அன்று இரவு ஒன்பதரைக்கு "உம்மாவுக்கு துஆ செய்ங்க தம்பி" என்று எழுதினார். அதற்குக் கீழே அடுத்த நொடியே, "வணக்கம்! இன்றைய விலைப்பட்டியலுக்குக் காலை 8 மணிக்குப் பிறகு தொடர்பு கொள்ளுங்கள்" என்று என் கடைப் பெயரில் போயிருந்தது. விடியத்தான் கண்டேன். இன்னொரு செய்தி எழுதி அதைச் சரிக்கட்ட மனம் வரவில்லை. பஸ் எடுத்து நேரே சம்மாந்துறைக்குப் போனேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் இருத்திவைத்து உம்மாவின் கடைசி நாட்களைச் சொன்னார்.

நிறுத்துவதற்கு `Business tools` இல் `Away message` போய், `Recipients` என்பதில் `Everyone except...` தெரிவு செய்து அவருடைய பெயரைச் சேர்க்க வேண்டும். `Greeting message` வைத்திருந்தால் அதிலும் இதையே செய்யுங்கள். சொந்த நம்பர் வேறாக இருந்தால் அதிலிருந்து அனுப்புவதே என் விருப்பம்.

பிற்சேர்க்கை

வாழைச்சேனையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தா. துணி எடுக்கிற ஒருவரின் அப்பா இறந்தது மூன்று கிழமை கழித்துத்தான் தெரிந்ததாம், இனி எழுதலாமா என்று கேட்டா. எழுதுங்கள் அக்கா. ஏன் பிந்தியது என்று விளக்கப் போகாதீர்கள், அது உங்களைப் பற்றிய கதையாகிவிடும். "அண்ணன், அப்பாவின்ட செய்தி இப்பதான் தெரிஞ்சது, நேரத்துக்கு வரேலாமப் போச்சு. அப்பாவின்ட ஆத்மா சாந்தியடையட்டும்" என்றாலே போதும். 31 ஆம் நாள் இன்னும் வராததால், அதற்கு முன் ஒருமுறை வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள். போகிற அன்றைக்குத் துணி பில்லைக் கையில் கொண்டுபோக வேண்டாம்.